பொழுது சாய்ந்தால் ஆஃப்லைன் போகும் வைஃபை கேமரா: அடாப்டரா, சிக்னலா, ரூட்டரா?

பாபநாசம் செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. அங்கே ஒரு வைஃபை கேமரா மாட்டியிருக்கிறேன். மூன்று மெகாபிக்சல், தலை சுற்றித் திரும்பும் வகை, உள்ளே மெமரி கார்டும் உண்டு. சினைப்பசு ஒன்று இந்த மாதக் கடைசியில் கன்று போடும். அப்பாவுக்கு முழங்கால் வலி. ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக்கும் வீட்டுக்கும் நடக்க முடியாது என்பதால், படுத்தபடியே போனில் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாங்கினேன்.

பகலில் பெரும்பாலும் ஓடுகிறது. நடுநடுவே படம் உறைந்து நின்று மறுபடி வரும். விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டால் போச்சு, ஆஃப்லைன். கொஞ்சம் வரும், உடனே போகும், விடிய விடிய இதே கதை. வெளிச்சம் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்துவிடும். எந்த நேரத்துக்காக வாங்கினேனோ அந்த நேரத்தில்தான் இல்லை.

ரூட்டர் கூடத்தில் டிவி ஸ்டாண்டு மேல் இருக்கிறது. அங்கிருந்து கொட்டகை சுமார் 25 மீட்டர். நடுவில் பழைய காலத்துத் தடித்த சுவர் இரண்டு, பின்கட்டு அறை, அப்புறம் கொஞ்சம் வாழை. கொட்டகைக்குக் கரண்டு இழுக்க அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. ஈரத்தரை, மாடு நிற்கிற இடம், அவர் சொல்வதும் சரிதான். அதனால் அடாப்டரைப் பின்கட்டு அறையிலேயே சொருகி, 10 மீட்டர் யூஎஸ்பி ஒயர் நீட்டிக் கேமராவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாங்கிய கடையில் கேட்டால் ரூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

மன்னை அசோக்

தலைவரே, இது லோ வோல்டேஜ். சாயங்காலம் ஆனால் ஊரே டிவி, மிக்ஸி, மோட்டார் என்று போடும். எங்கள் தெருவில் டியூப்லைட் எரியாமல் கண் சிமிட்டும். ஒரு சின்ன ஸ்டெபிலைசர் போடுங்கள், சரியாகிவிடும். அப்படியே ரூட்டரில் 5ஜி பேண்டுக்கு மாற்றிவிடுங்கள். அதுதான் வேகம், படம் உறையாது.

குத்தாலம் கார்த்தி

அசோக் அண்ணே, இரண்டிலும் பாதிப் பாதி. கேமரா அடாப்டர் மேல் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். 160க்கு இறங்கினாலும் அது 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். டியூப்லைட் சிமிட்டுவதும் இதுவும் ஒன்றல்ல.

பேண்டு விஷயம் இன்னும் மோசம். இந்த விலையில் வரும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் மாற்றினால் அதன் கண்ணுக்கு ரூட்டரே தெரியாது. தெரிகிற கேமராவாக இருந்தாலும், இரண்டு தடித்த சுவர் தாண்டிக் கொல்லைக்கு வந்து சேருவது 2.4 தான்.

செந்தில், உங்கள் ரூட்டரில் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயரா?

சீர்காழி வாத்தியார்

எனக்கும் இதே தொல்லை. ராத்திரி மூன்று மணிக்கு மேல் கேமரா கிடைப்பதில்லை. ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பார்த்தேன், பாக்கி இருக்கிறது. செந்தில் தம்பி, உங்கள் சிம்முக்கு எந்த பிளான் போட்டிருக்கிறீர்கள்?

பாபநாசம் செந்தில்

கார்த்தி, ஆமாம், இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் Smart Connect என்று ஒன்று ஆன் ஆகியிருக்கிறது. வாத்தியார் சார், என்னுடையதில் சிம் கிடையாது, வீட்டு வைஃபையில்தான் ஓடுகிறது.

திருவாரூர் மாலதி

தம்பி, ரூட்டரையும் வாங்க வேண்டாம், ஸ்டெபிலைசரையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நேற்று ராத்திரி எந்த நேரம் ஆஃப்லைன் காட்டியதோ, அந்த நேரத்துப் பதிவு மெமரி கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு முழுநேரப் பதிவில் இருக்க வேண்டும். ஆள் அசைந்தால் மட்டும் பதிகிற செட்டிங்கில் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

நானும் வீட்டுக்காரரும் கேமரா மாட்டுகிற வேலைதான் செய்கிறோம். ஆஃப்லைன் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான். வைஃபை அறுந்துபோனால் கேமரா செத்துப்போவதில்லை. அது பாட்டுக்குக் கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும், உங்கள் போனுக்குத்தான் தெரியாது. கரண்டு அறுந்தால் எழுத்தும் நிற்கும். கார்டில் ஓட்டை இருந்தால் அடாப்டர், ஒயர் பக்கம் போங்கள். ஓட்டை இல்லாமல் முழுசாக இருந்தால் சிக்னல், ரூட்டர், இன்டர்நெட் லைன் பக்கம் போங்கள். இதைப் பார்க்காமல் ஆளாளுக்கு ஒன்று வாங்கச் சொல்வதில்தான் பணம் கரைகிறது.

கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டே பாருங்கள். ஆப்பில் பார்த்தால் சிறு இடைவெளிகளை ஒட்டிக் காட்டிவிடும்.

மன்னை அசோக்

கார்டே கெட்டுப்போயிருந்தாலும் ஓட்டை விழுமே அக்கா?

திருவாரூர் மாலதி

விழும். ஆனால் கார்டு கெட்டால் பகலிலும் விழும், விளக்கு வைக்கும் நேரம் பார்த்து விழாது.

பாபநாசம் செந்தில்

அக்கா, ஊருக்கு வந்து கார்டைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு விதமாக இருக்கிறது.

பகலில் படம் உறைந்த நேரங்களில் பதிவு முழுசாக இருக்கிறது. அப்பா தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது, காக்கை வந்து உட்காருவது எல்லாம் விடாமல் வருகிறது. ராத்திரியில் அப்படி இல்லை. துண்டு துண்டாக, ஒன்றிரண்டு நிமிஷத்துக் கோப்புகள். ஒவ்வொரு துண்டின் ஆரம்பத்திலும் கேமரா தலையைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. சில துண்டுகளில் தேதி 1970 என்று இருக்கிறது. அது என்ன கணக்கு?

குத்தாலம் கார்த்தி

1970 ஜனவரி 1 என்பது இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பூஜ்ஜியம். பல கேமராக்களில் கடிகாரத்தைத் தாங்கும் பேட்டரி கிடையாது. பவர் போய்த் திரும்பி வந்ததும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும், நெட் கிடைத்ததும்தான் சரியான நேரத்தை வாங்கிக்கொள்ளும். உங்கள் கேமரா பவர் போய் எழுந்திருக்கிறது, எழுந்ததும் நெட்டும் உடனே கிடைக்கவில்லை என்று அர்த்தம். தலை சுற்றுவதும் அதே சாட்சிதான், ஆன் ஆகும்போதெல்லாம் தன் இடத்தைத் தேடிச் சுற்றிப் பார்க்கும்.

திருவாரூர் மாலதி

அப்படியானால் நோய் இரண்டு. ராத்திரிக்குக் காரணம் பவர், பகலுக்குக் காரணம் சிக்னல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் முதலில் பவரைப் பார்ப்போம், மாடு ராத்திரியில் கன்று போட்டாலும் போடலாமே.

இருட்டினால் கேமராவில் என்ன மாறுகிறது? கண்ணைச் சுற்றி இருக்கும் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரிய ஆரம்பிக்கின்றன. பகலில் 0.3 ஆம்பியர் இழுக்கும் கேமரா ராத்திரியில் 0.7 ஆம்பியர் வரை போகலாம். அடாப்டர் 2 ஆம்பியர் என்றால் அதற்கு இது ஒரு சுமையே இல்லை. சிக்கல் உங்கள் 10 மீட்டர் ஒயரில். கரண்டு போக 10, திரும்பி வர 10, ஆக 20 மீட்டர் மெல்லிய செம்பு. கொஞ்சம் நல்ல ஒயராக இருந்தாலே அதன் தடை, சொருகுமுனைகளோடு சேர்த்து, 2 ஓம் பக்கம் வரும். மட்டமான ஒயர் என்றால் அதற்கு இரண்டு மடங்கு.

2 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். பகலில் 0.3 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், கேமராவுக்கு 4.4 கிடைக்கும், சமாளித்துக்கொள்ளும். ராத்திரி 0.7க்கு 1.4 வோல்ட் போய்விடும், மிச்சம் 3.6. அதில் கேமரா நிற்காது. அணைந்து எழுந்து, இருட்டைப் பார்த்து மறுபடி எல்இடியை எரியவிட்டு, மறுபடி அணையும். காலை வரை அதுதான் நடக்கிறது.

நம்பாவிட்டால் இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம். பட்டப்பகலில் கேமரா முகத்தைத் துணியால் மூடிப் பாருங்கள்.

மன்னை அசோக்

அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் இடிக்கிறது. என் கேமரா அடாப்டரை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது 5.1 வோல்ட் காட்டியது. அப்படி இருக்கும்போது ஒயரில் எங்கே போகும்? சந்தேகம் என்றால் 3 ஆம்பியர் அடாப்டர் போடலாம், இல்லை 6 வோல்ட் அடாப்டராகப் போட்டுவிடலாம். வழியில் ஒரு வோல்ட் போனாலும் 5 வந்து சேருமே.

திருவாரூர் மாலதி

அசோக், சும்மா தொங்குகிற முனையில் அளந்தால் 10 மீட்டர் ஒயரின் கடைசியிலும் 5.1 தான் காட்டும். கரண்டு ஓடினால்தானே வோல்ட் குறையும். கேமரா மாட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, கேமரா பக்கத்து முனையில் அளக்க வேண்டும்.

3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஒன்றும் சரியாகவும் ஆகாது. அடாப்டர் தர ரெடி, ஒயர்தான் விடவில்லை. 6 வோல்ட் வேலை தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கேமரா ஸ்டார்ட் ஆகிற அந்தக் கணத்தில் ஒன்றுமே இழுக்காது, அப்போது 6 வோல்ட் முழுசாகப் போய் மோதும். சில கேமரா தாங்கும், சிலது புகைந்துவிடும். எங்கள் கடை டிராயரில் அப்படிப் போனவை கிடக்கின்றன.

பாபநாசம் செந்தில்

துண்டு போட்டு மூடிப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் யூஎஸ்பி மீட்டர் இருந்தது, அதையும் கேமரா முனையில் சொருகினேன்.

மூடாமல் இருக்கும்போது 4.5 வோல்ட். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துக் கேமரா முகத்தில் வைத்தேன். ஐந்தாறு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். துண்டை ஓரமாக விலக்கிப் பார்த்தால் எல்இடிகள் மங்கலான சிவப்பில் எரிகின்றன. மீட்டரில் 3.7. எண் மாறியதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது சிவப்பு அணைந்தது, மீட்டர் 5 பக்கம் ஏறியது, கேமரா தலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மறுபடி மூடினாலும் அதே கூத்துதான்.

சரி, இப்போது என்ன செய்வது? கொட்டகைக்கு 230 வோல்ட் இழுப்பதைத் தவிர வேறு வழி உண்டா? அப்பா பிடிவாதமாக இருக்கிறார்.

திருவாரூர் மாலதி

அப்பா பிடிவாதத்தை மாற்ற வேண்டாம். மாட்டுக்கு மனிதனை விடக் கரண்டு சீக்கிரம் பாதிக்கும், நான்கு காலும் ஈரத்தரையில். அங்கே 230 வோல்ட் கொண்டுபோவதென்றால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, சரியான எர்த்து, பைப்புக்குள் ஒயரிங் எல்லாம் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். ஒரு கேமராவுக்காக அவ்வளவு வேண்டாம்.

வழி இருக்கிறது. பின்கட்டு அறையில் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள். அங்கிருந்து சாதாரண இரண்டு கோர் ஒயரில் 12 வோல்ட்டைக் கொட்டகைக்கு அனுப்புங்கள். கேமரா பக்கத்தில், கேமராவுக்கு ஒரு முழம் முன்னால், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று. வண்டிகளுக்கு என்று யூஎஸ்பி முனையோடு, பசை ஊற்றி மூடியதாகவே கிடைக்கிறது.

12 வோல்ட்டில் அனுப்பும்போது அதே வேலைக்கு 0.7 ஆம்பியர் தேவைப்படாது, 0.35 போதும். அதே 2 ஓம் ஒயராக இருந்தாலும் 0.7 வோல்ட்தான் குறையும், 11.3 போய்ச் சேரும். 11.3 வந்தாலும் 9 வந்தாலும் கன்வெர்ட்டர் கேமராவுக்கு 5 கொடுத்துவிடும். குறைவது குறையட்டும் என்று விட்டுவிடலாம்.

வாங்கும்போது கேமராவின் முனை மைக்ரோவா, டைப்-சியா, உருண்டை முனையா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது சிவப்பு, கறுப்பு மாறிவிடக் கூடாது. கேமராவைச் சொருகும் முன் கன்வெர்ட்டர் முனையில் 5 வருகிறதா என்று அந்த மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள். கொட்டகையில் எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியிருக்க வரும், ஒயர் நுழையும் ஓட்டையை சிலிகான் வைத்து அடையுங்கள்.

சீர்காழி வாத்தியார்

மாலதி அம்மா, உங்கள் கணக்கு வகுப்பில் பாடம் நடத்தியது போல் இருந்தது. என் சோலார் கேமராவுக்கும் இந்த 12 வோல்ட் வைக்கலாமா?

திருவாரூர் மாலதி

சார், உங்களுடையது சோலாரா! அது வேறு கதை, கடைசியில் சொல்கிறேன். தம்பி வேலை முடியட்டும்.

பாபநாசம் செந்தில்

அக்கா சொன்னபடி மாட்டியாகிவிட்டது. துண்டு வைத்து மூடினால் 5.0 அசையாமல் நிற்கிறது. ராத்திரிப் பதிவிலும் ஓட்டை இல்லை. அப்பா நேற்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம், அம்மா திட்டிக்கொண்டிருக்கிறார்.

பகல் நோய் மட்டும் அப்படியே இருக்கிறது, ராத்திரியிலும் அதே மாதிரி உறைகிறது. கொட்டகையில் நின்று என் போனில் பார்த்தால் வைஃபை மூன்று கோடு காட்டுகிறது. அப்புறம் ஏன்?

இன்னொன்று. கரண்டு போய் வந்தால் சில சமயம் நாள் முழுக்கக் கேமரா வருவதே இல்லை. ரூட்டரை அணைத்துப் போட்டால் வந்துவிடும். ஒரு தடவையில் வராவிட்டால் இன்னொரு தடவை அணைக்க வேண்டும்.

மன்னை அசோக்

இதற்கு எக்ஸ்டென்டர்தான். கொட்டகையிலேயே கேமரா பக்கத்தில் ஒன்று மாட்டிவிடுங்கள், முழு சிக்னல் காட்டும்.

குத்தாலம் கார்த்தி

காட்டும் அண்ணே, எக்ஸ்டென்டருக்கும் கேமராவுக்கும் நடுவில். எக்ஸ்டென்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் அதே பழைய இழுபறிதானே? நனைந்த தபாலை அழகான உறையில் போட்டு அனுப்புவது மாதிரி. வைத்தால் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

செந்தில், உங்கள் போனின் மூன்று கோடு ரூட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. கேமராவின் வேலையே எந்நேரமும் திருப்பி அனுப்புவது. அதற்கு ஆன்டெனாவும் சிறிசு, பலமும் குறைவு. அது பேசுவது ரூட்டருக்கு எப்படிக் கேட்கிறது என்பதுதான் முக்கியம். ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். பல ரூட்டர்களில் ஒவ்வொன்றுக்கும் நேராக சிக்னல் எண் இருக்கும், மைனஸ் போட்டு. -50 என்றால் அருமை. வீடியோவுக்கு -67 வரை பயமில்லை. -75ஐத் தாண்டினால் இழுபறி.

அப்படியே லேப்டாப்பைக் கூடத்தில் வைத்து இதை ஓடவிடுங்கள். கடைசி எண் உங்கள் கேமராவின் முகவரிப்படி மாறும்.

```
ping -t 192.168.1.40
```

கேமராவுக்குப் பவர் போயிருந்தால் கொஞ்ச நேரத்தில் Destination host unreachable என்று வரிசையாக வரும். சிக்னல் மோசம் என்றால் அப்படி வராது. 5 மில்லிசெகண்டு, 8, திடீரென்று 700, ஒரு Request timed out, திரும்ப 12 என்று தாறுமாறாகப் போகும்.

பாபநாசம் செந்தில்

கேமராவுக்கு நேரே -80 என்று இருக்கிறது. பிங் நீங்கள் சொன்ன மாதிரியேதான், 6, 9, 840, timed out, 15. கொட்டகை போட்டோவும் கூடத்துப் போட்டோவும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

திருவாரூர் மாலதி

போட்டோவிலேயே இரண்டு ஆளைப் பிடித்துவிட்டேன். ரூட்டருக்குக் கொல்லைப்பக்கம் ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. கேமரா தகர ஷீட்டுக்கு அடியில், இரும்புக் குழாயோடு ஒட்டி இருக்கிறது. வைஃபைக்குச் செங்கல் சுவர் கூடப் பரவாயில்லை, இரும்பு ஆகாது. வாழையும் தன் பங்குக்குக் குடிக்கும், அது முழுக்கத் தண்ணீர்தானே.

கேமராவைக் குழாயை விட்டு ஒரு கை தள்ளி, ஷீட் விளிம்புக்குக் கீழே வீட்டைப் பார்த்தாற்போல இறக்குங்கள். ரூட்டரைப் பீரோ மறைக்காத இடத்துக்கு மாற்றுங்கள். அதற்கு அப்புறம் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாபநாசம் செந்தில்

கேமராவை நகர்த்தியதும் -76. ரூட்டரை மாற்ற முடியவில்லை, ஃபைபர் ஒயர் அந்த நீளம்தான் இருக்கிறது. பீரோவை நகர்த்தலாம் என்றால் அம்மா அந்த மூலையை விட்டுத் தர மாட்டேன் என்கிறார்.

குத்தாலம் கார்த்தி

பழைய ரூட்டர் ஏதாவது பரணில் கிடக்கிறதா? ஃபைபர் வருவதற்கு முன்னால் வைத்திருந்தது?

பாபநாசம் செந்தில்

கிடக்கிறது. பழைய 2.4 மட்டும் உள்ளது.

குத்தாலம் கார்த்தி

அதுவே போதும், மெஷ் எதுவும் வாங்க வேண்டாம். அதைப் பின்கட்டு அறையில், கொல்லை ஜன்னல் பக்கம் வைத்துவிடுங்கள். கூடத்து ரூட்டரிலிருந்து அதுவரை ஒரு லேன் கேபிள் இழுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்களுக்கு 15 மீட்டருக்குள் முடிந்துவிடும். காற்றில் தாண்ட வேண்டியதாக இருந்த இரண்டு சுவரும் கேபிளோடு போய்விடும், ஜன்னலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் வாழை மட்டும்தான்.

பழைய ரூட்டரை அப்படியே சொருகிவிடாதீர்கள். முதலில் லேப்டாப்பில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், முதல் ரூட்டரோடு மோதக் கூடாது. DHCP என்று இருப்பதை அணையுங்கள், முகவரி கொடுக்கும் வேலையைக் கூடத்து ரூட்டர் ஒன்றே பார்க்கட்டும். கேபிளை WAN ஓட்டையில் சொருகாமல் LAN ஓட்டையில் சொருகுங்கள். வைஃபைக்குத் தனிப்பெயர் வையுங்கள், பாதுகாப்பு WPA2.

அடுத்து உங்கள் இன்னொரு கேள்வி, கரண்டு போய் வந்தால் கேமரா காணாமல் போவது. இப்போது கூடத்து ரூட்டரில் Channel எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.

பாபநாசம் செந்தில்

Auto என்று இருக்கிறது. பக்கத்தில் 13 என்று காட்டுகிறது. கேமராவும் இப்போது இல்லை! காலையில் கரண்டு போய் வந்தது.

குத்தாலம் கார்த்தி

அதுதான் விஷயமாக இருக்க வேண்டும். நம் ஊரில் 2.4ல் 1 முதல் 13 வரை அனுமதி உண்டு. ஆனால் சில கேமராக்கள் 11 வரை மட்டும் தேடுகிற மாதிரி அமெரிக்க வழக்கப்படி வருகின்றன. ரூட்டர் எழும்போது தானாக 12, 13ஐப் பிடித்துவிட்டால் போனுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. மறுபடி அணைத்துப் போட்டால் வேறு எண் பிடிக்கும், கேமரா வந்துவிடும். கூடத்து ரூட்டரை 1லும் பின்கட்டு ரூட்டரை 11லும் கையால் நிறுத்துங்கள். அகலம் இரண்டிலும் 20MHz. 40 வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும்.

பாபநாசம் செந்தில்

எல்லாம் செய்தாகிவிட்டது. பின்கட்டு ரூட்டரில் கேமரா -61 காட்டுகிறது. பிங் 3, 4, 3 என்று போகிறது. ரூட்டர் இரண்டையும் வேண்டுமென்றே அணைத்துப் போட்டேன், கேமரா தானாக வந்து சேர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. விடியற்காலை நாலு மணி சுமாருக்கு ஆப்பில் சில நாள் ஆஃப்லைன் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் வருகிறது. கார்டில் பதிவு முழுசாக இருக்கிறது. பனி, மழை இருக்கும் நாள்களில்தான் என்று அப்பா சொல்கிறார்.

திருவாரூர் மாலதி

வாழை இலை நனைந்தால் சிக்னல் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ராத்திரி நாலு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று யாராவது எழுந்து ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

குத்தாலம் கார்த்தி

அக்கா, -61ல் இருப்பது இலை நனைந்து அறுந்துபோகும் அளவுக்குப் போகுமா? எனக்கு இன்டர்நெட் லைன் மேல்தான் சந்தேகம். சில கம்பெனி லைன்கள் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அறுந்து மறுபடி இணையும். ஆப் கேமராவோடு நேரே பேசுவதில்லை, வெளியே போய்ச் சுற்றி வருகிறது. லைன் போனாலும் அதே ஆஃப்லைன்தான் காட்டும். செந்தில், அந்த நேரத்தில் அப்பா போனில் வேறு ஏதாவது வீடியோ ஓடுகிறதா என்று ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு.

பாபநாசம் செந்தில்

சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு அவர் எப்படியும் விழித்துத்தான் இருப்பார், பசு மடி இறங்கிவிட்டது.

மன்னை அசோக்

அந்த 12 வோல்ட் கன்வெர்ட்டர் என்ன விலை, எங்கே வாங்கினீர்கள்? என் மொட்டைமாடிக் கேமராவும் ராத்திரி தலையைச் சுற்றுகிறது.

பாபநாசம் செந்தில்

கும்பகோணத்தில் கார் ஆடியோ கடையில் கிடைத்தது அண்ணே, 200 ரூபாய்க்குள். வாங்கும் முன் ஒயர் நீளத்தைப் பாருங்கள். உங்களுடையது கேமராவோடு வந்த மூன்று மீட்டர் ஒயர்தான் என்றால் வேறு காரணமாக இருக்கும்.

திருவாரூர் மாலதி

மூன்று மீட்டர் ஒயரிலேயே சுற்றுகிறது என்றால் அடாப்டர்தான் அசோக். மொட்டைமாடி வெயிலில் உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். வேறு நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை ஒரு ராத்திரி மாற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வாத்தியார் சார், உங்கள் சோலார் கேமரா மூன்று மணிக்குப் போவது பேட்டரி தீர்ந்துதான். மூடாக்கு நாளில் பேனல் ராத்திரி முழுக்கத் தாங்கும் அளவு சேர்த்திருக்காது. பேனலைத் தெற்குப் பார்த்து, 15 டிகிரி சாய்வில் வையுங்கள், மழைத் தண்ணீரும் தங்காது. தென்னை நிழல் பத்து மணிக்கு மேல் அதில் விழுகிறதா என்று ஒரு பகல் நின்று பாருங்கள். ஆப்பில் பேட்டரி சதவீதம் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு எவ்வளவு, படுக்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் குறித்துப் போடுங்கள். பதிவு முழுநேரமா, ஆள் வந்தால் மட்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

சீர்காழி வாத்தியார்

தென்னை நிழல் பதினொரு மணிக்கே விழுகிறது அம்மா. கம்பத்தைப் பிடுங்கி நட ஆள் தேடுகிறேன்.